"எந்த நேரமும் வேலை செய்வேன்" என்று சிவியில் போட்டும் ஏன் ஒருவரும் பதில் போடுகிறார்கள் இல்லை?

வாவியோரம் | 2025 மார்ச் 6, இரவு 8.15

வெளிநாட்டுக் கம்பனிக்கு வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள், அதிலும் ஆள் எடுக்கிற பக்கத்தில் இருப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

நான் கல்லடி. பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் 2018 முதல் 2024 வரை ரிசர்வேஷனில் இருந்தேன். இப்போது ஒன்லைன் கடைகளுக்கு மெயில் மூலம் வாடிக்கையாளருக்குப் பதில் எழுதுகிற வேலை தேடுகிறேன், முக்கியமாக இங்கிலாந்துப் பக்கம். சிவியில் நாலு விஷயம் கட்டாயம் இருக்கவேண்டும் என்று எல்லா இடத்திலும் சொல்கிறார்கள்: எழுத்துத் திறமை, ஒன்லைன் கருவிகள், சொந்தமாக வேலையை ஒழுங்குபடுத்துவது, நேர வலயத்துக்கு ஒத்துப்போவது. நாலையும் போட்டிருக்கிறேன். "சிறந்த எழுத்துத் தொடர்பாற்றல், சுயமாக இயங்குபவர், எந்த நேர வலயத்திலும் வேலை செய்யத் தயார்" என்று முதல் பந்தியிலேயே இருக்கிறது. ஒரு மறுப்பு மெயில்கூட வருவதில்லை.

சம்மாந்துறையான் | மார்ச் 6, இரவு 8.50

மனுசன் வாசிக்கிறதே இல்ல. மெஷின்தான் வாசிக்குது. விளம்பரத்தில இருக்கிற சொல் சிவியில இல்லாட்டி தானாக் குப்பைக்குப் போயிரும். ஸ்லாக், சூம், ட்ரெல்லோ, நோஷன், ஆசானா, சென்டெஸ்க் எல்லாத்தையும் போடுங்க. பக்கத்தில நிறப் பட்டை வெச்சு 90 வீதம், 80 வீதம் எண்டு காட்டுங்க. என்னுடையது அப்படித்தான், பார்க்கவே வடிவா இருக்கும்.

இரவுப்பணி | மார்ச் 6, இரவு 11.40

தராவீஹ் முடிஞ்சு வந்துதான் பார்த்தேன். நான் கல்முனை. ஒரு பிரிட்டிஷ் கடைக்கு மெயில் சப்போர்ட் டீம் பார்க்கிறேன். ஆள் எடுக்கும்போது வார சிவியை முதல்ல வாசிக்கிறது நான்தான். எங்கட இடத்தில மெஷின் எதையும் குப்பையில போடுறதில்ல. பெரிய கம்பனியில மென்பொருள் இருக்கும், அங்க சொல்லைக் கொடுத்துத் தேடுவாங்க. அதனால சம்மாந்துறையார் சொல்றதில பாதி சரி.

தங்கச்சி, உங்கட அந்த முதல் பந்தி எனக்கு வார சிவியில அரைவாசிக்கு மேல அப்படியே இருக்கு. "சிறந்த எழுத்தாற்றல்" எண்டு எழுதினவர் அடுத்த வரியில ரெண்டு பிழை விட்டிருப்பார். ஆளை நான் காணப்போறதில்ல. அவர் எழுதினதில என் கையில இருக்கிறது இந்த ரெண்டு பக்கமும் அதோட வந்த மெயிலும்தான். எழுத்துத் திறமைக்கு அதுவே பரீட்சைத்தாள். வசனம் ஓடுதா, தேதி எல்லாம் ஒரே மாதிரி இருக்கா, மெயிலோட தலைப்பில வேலையோட பேர் இருக்கா எண்டு பார்ப்பேன். அந்தப் பந்தியைத் தூக்கிட்டு, ஹோட்டல்ல என்ன எழுதினீங்க எண்டு சொல்லுங்க.

"எந்த நேரமும்" எண்டதுதான் எனக்கு ஆகக் கூடுதலா இடிக்குது. அப்படி எழுதினவர் நேரத்தைக் கணக்குப் பார்க்கவே இல்லையெண்டு அர்த்தம். ஆளை எடுத்த பிறகு ரெண்டாவது கிழமையில "இரவு பத்துக்குப் பிறகு ஏலாது" எண்டு சொன்ன ஆக்கள் இருக்காங்க. எங்கட 9 மணி உங்களுக்கு எத்தனை மணி எண்டு தெரிஞ்ச ஆளா எண்டு நான் பார்க்கிறேன். இங்கிலாந்தில 9 முதல் 5 வரை எண்டா மாரியில நமக்குப் பின்னேரம் 2.30 முதல் இரவு 10.30 வரை. கோடையில அவங்க மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளுவாங்க, அப்ப நமக்கு 1.30 முதல் 9.30 வரை. நாம மாத்துறதில்ல. உங்களுக்கு இரவு எத்தனை மணி வரைக்கும் ஏலும்?

வாவியோரம் | மார்ச் 7, காலை 6.30

பதினொரு மணி வரைக்கும் ஏலும். அதற்கு மேலே அம்மாவுக்கு மருந்து கொடுக்கிறது, காலையில் எழும்புகிறது எல்லாம் குழம்பும். ஆனால் எல்லையைச் சொன்னால் வாய்ப்புக் குறையாதா?

இரவுப்பணி | மார்ச் 7, காலை 10.05

அமெரிக்க வேலையில குறையும். குறையட்டும், அது எப்படியும் உங்களுக்குச் சரிவராது. நியூயோர்க் 9 முதல் 5 எண்டா இப்ப மாரி நேரத்தில நமக்கு இரவு 7.30 தொடங்கி விடிய 3.30 வரைக்கும். இங்கிலாந்து வேலைக்கு உங்கட எல்லை முழு நாளையும் மூடுது, மாரியிலயும் கோடையிலயும். அதை அவங்கட நேரத்தில எழுதுங்க, கணக்குப் பார்க்கிற வேலையை வாசிக்கிறவருக்குக் கொடுக்காதீங்க. பேருக்குக் கீழ ரெண்டு வரி போதும்:

```
Batticaloa, Sri Lanka (UTC+5:30)
Available Mon–Fri, 09:00–17:00 UK time, all year
```

ஜீ.எம்.டி. எண்டு போடாதீங்க. கோடையில அங்க அது இல்ல, ஒரு மணித்தியாலம் பிழைக்கும். ஊர்ப் பேரைச் சொல்லி "இங்கிலாந்து நேரம்" எண்டா ரெண்டு காலத்துக்கும் பொருந்தும்.

தோணா | மார்ச் 7, பிற்பகல் 2.20

அமெரிக்க வேலை என்றால் முழு இரவு என்று ஆளைப் பயமுறுத்தாதீர்கள். நான் அக்கரைப்பற்றிலிருந்து நியூயோர்க் கம்பனி ஒன்றுக்குக் கோட் எழுதுகிறேன். அவர்களுடன் சேர்ந்திருக்க வேண்டியது நாலு மணித்தியாலம் மட்டும்: மாரியில் இரவு 7.30 முதல் 11.30 வரை, கோடையில் 6.30 முதல் 10.30 வரை. மிச்ச வேலையைப் பகலில் முடித்துவிடுவேன். சிவியில் "நியூயோர்க் காலை 9 முதல் 1 மணி வரை தினமும் இருப்பேன், மற்ற நேரம் எழுத்து மூலம்" என்றுதான் போட்டேன்.

இரவுப்பணி | மார்ச் 7, இரவு 11.15

கோட் எழுதுற ஆளுக்கு அது சரி. வாடிக்கையாளர் மெயிலுக்குச் சரிவராது, அவங்க எழுதுற நேரத்தில ஆள் இருக்கணும். விளம்பரத்தில "overlap" எண்டு இருக்கா, முழு ஷிப்டா எண்டு பார்த்துத்தான் அந்த வரியை எழுதணும். ஒரே வரியை எல்லா இடத்துக்கும் அனுப்ப ஏலாது.

படுவான்கரையார் | மார்ச் 8, காலை 7.00

நேர வித்தியாசத்துக்கு நீங்கள் இங்கிலாந்து வரைக்கும் போகிறீர்கள். 1996ல் கரண்ட் தட்டுப்பாடு என்று அரசாங்கம் மணிக்கூட்டைத் தள்ளினது, 2006 சித்திரையில்தான் பழையபடி கொண்டுவந்தது. இடையில் இயக்கத்தின் பகுதியில் பழைய நேரம்தான். அப்போது எனக்கு வீடு வாவிக்கு அந்தப் பக்கம், வேலை டவுனில். தோணியில் ஏறும்போது ஒரு நேரம், இறங்கும்போது அரை மணித்தியாலம் கூட. கலியாணக் காட்டில் "பழைய நேரம்", "புதிய நேரம்" என்று ரெண்டும் போடுவோம். பிள்ளைகள் இப்போது சிவியில் போடுவதும் அதுதானே.

தோணா | மார்ச் 8, காலை 9.10

ஐயா, உங்கள் சிவியில் "இரண்டு நேர வலயங்களில் பணியாற்றிய அனுபவம்" என்று தாராளமாகப் போடலாம் 😄

வாவியோரம் | மார்ச் 8, இரவு 9.30

இரவுப்பணி நானா கேட்டபடி ஹோட்டலில் என்ன எழுதினேன் என்று யோசித்தேன். வெளிநாட்டு விருந்தினர் மெயில்களுக்கு ஆங்கிலத்தில் பதில். கட்டுநாயக்காவிலிருந்து எப்படி வருவது, மார்கழியில் காலியில் வெயில் அடிக்கும்போது பாசிக்குடாவில் ஏன் மழை, அறையை ரத்துச் செய்தால் காசு திரும்புமா. ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வந்ததால் மாதிரிப் பதில்கள் எழுதி ஒரு டொக்கியுமென்டில் வைத்தேன், பிறகு வந்த பிள்ளைகளும் அதைத்தான் பாவித்தார்கள். ஷிப்ட் மாறும்போது யாருக்கு என்ன பதில் பாக்கி என்று குறிப்பும் எழுதி வைப்போம்.

வீட்டிலிருந்து வேலை செய்த அனுபவம்தான் இல்லை. கொரோனா நேரம் மட்டும் ஹோட்டல் மூடியிருந்ததால் லப்டொப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து மெயில் பார்த்தேன். அதுவும் முழுக்க ரத்துச் செய்வதும் தேதி மாற்றுவதும்தான்.

இரவுப்பணி | மார்ச் 8, இரவு 11.50

நில்லுங்க. 2020 மார்ச்சில மூடின விமான நிலையத்தை 2021 தையிலதான் சுற்றுலாக்காரருக்குத் திறந்தாங்க. அவ்வளவு காலமும் வீட்டில இருந்து, தனியா, காசு திரும்பக் கேட்டுக் கோபத்தில எழுதுற வெளிநாட்டுக்காரருக்குப் பதில் போட்டிருக்கிறீங்க. நான் ஆள் தேடுறது இந்த வேலைக்குத்தான். இதைச் சிவியில போடாம "சுயமாக இயங்குபவர்" எண்டு போட்டிருக்கிறீங்க!

அந்த நேரம் எந்த மெயிலுக்குப் பதில் போட்டாச்சு, எதுக்கு இல்ல எண்டு எப்படிக் கணக்கு வெச்சீங்க? மனேஜருக்கு எப்படித் தெரியும்?

வாவியோரம் | மார்ச் 9, காலை 7.45

கூகுள் ஷீட் ஒன்று. பெயர், வரவிருந்த தேதி, என்ன கேட்கிறார், என்ன சொன்னோம், மனேஜர் முடிவெடுக்க வேண்டியதா என்று பத்திகள். மனேஜர் கொழும்பில் இருந்தார். அவர் தனது பத்தியில் "சரி" என்று போட்டால் நான் விருந்தினருக்கு எழுதுவேன். கிழமைக்கு ஒரு தடவை போனில் கதைப்போம்.

இரவுப்பணி | மார்ச் 9, இரவு 10.30

அப்ப நாலும் அந்த ஒரு கதைக்குள்ள இருக்கு. ஹோட்டல் வேலையை ரெண்டாப் பிரிங்க. மேல "ரிசர்வேஷன், வீட்டிலிருந்து, 2020–21" எண்டு தனித் தலைப்பு. அதுக்குக் கீழ மூண்டு வரி போதும். நான் தமிழில சொல்றேன், நீங்க உங்கட ஆங்கிலத்தில எழுதுங்க:

முதலாவது, விமான நிலையம் மூடியிருந்த காலத்தில பணம் திரும்பக் கேட்டும் தேதி மாற்றக் கேட்டும் வந்த விருந்தினர் மெயில்களுக்கு வீட்டிலிருந்து ஆங்கிலத்தில் பதில் எழுதினேன்.

இரண்டாவது, ஒவ்வொரு கோரிக்கையையும் கூகுள் ஷீட்டில் பதிந்து, வேறு நகரத்தில் இருந்த மனேஜரின் முடிவை அதிலேயே எழுத்தில் பெற்றேன். கூட்டம் கிழமைக்கு ஒன்று மட்டும்.

மூண்டாவது, அடிக்கடி வந்த கேள்விகளுக்கு மாதிரிப் பதில்கள் எழுதினேன், ரிசர்வேஷன் மேசை அதைத் தொடர்ந்து பாவித்தது.

எத்தனை மெயில் எண்டு நிச்சயமாத் தெரிஞ்சாப் போடுங்க. தெரியாட்டி ஊகிச்சுப் போடாதீங்க, எப்படிக் கணக்கெடுத்தீங்க எண்டு நான் நேர்முகத்தில கேட்பேன்.

சம்மாந்துறையான் | மார்ச் 10, இரவு 8.05

கருவிகளை மறந்திட்டீங்க. சென்டெஸ்க் இல்லாட்டி எப்படி? அவவுக்கு அது தெரியுமெண்டு போட்டா என்ன, வேலை கிடைச்ச பிறகு படிக்கலாம்தானே. நான் ஆசானா தொட்டதே இல்ல, 75 வீதம் போட்டிருக்கிறன்.

இரவுப்பணி | மார்ச் 10, இரவு 11.20

எதில 75 வீதம்? ஒரு தடவை இப்படி 90 வீதம் போட்ட ஆளிட்ட சூமில வெச்சுக் கேட்டேன், சென்டெஸ்கில ஒரு டிக்கெட்டை வேற ஆளுக்கு மாத்தி வாடிக்கையாளருக்குத் தெரியாத மாதிரிக் குறிப்பு எழுதுறது எப்படி எண்டு. கமரா ஓவ் ஆயிட்டு.

விளம்பரத்தில இருக்கிற கருவியோட பேர் சிவியில இருக்கணும் எண்டது சரி, தேடும்போது அகப்படும். ஆனா பேர் மட்டும் இருந்தா எனக்கு ஒண்டும் விளங்காது. "கூகுள் ஷீட்டில் நிலுவைப் பட்டியல் வைத்தேன்" எண்டா ஆள் அதை வெச்சு என்ன செஞ்சார் எண்டு தெரியும். சென்டெஸ்குக்கு இலவச சோதனைக் காலம் இருக்கு. தங்கச்சி அதைத் திறந்து, தனக்குத் தானே மெயில் அனுப்பி, டிக்கெட் பிரிச்சு, மாதிரிப் பதில் வெச்சுப் பார்க்கட்டும். மறுகா "சென்டெஸ்க் (சோதனைக் கணக்கில் பழகியது)" எண்டு போடலாம். அது பொய்யில்ல, கேட்டாலும் பதில் இருக்கும்.

உங்கட நிறப் பட்டைக்கு ஒரு சோதனை. பிடிஎப்பைத் திறந்து எல்லாத்தையும் கொப்பி பண்ணி நோட்பேட்டில ஒட்டுங்க. அதில ஒழுங்கா வாசிக்க ஏலாட்டி மென்பொருளுக்கும் விளங்காது.

சம்மாந்துறையான் | மார்ச் 10, இரவு 11.55

ஒட்டிப் பார்த்தன். போன் நம்பருக்கு நடுவில "ட்ரெல்லோ" வந்து நிக்குது. ரெண்டு பத்தியா அடிச்சதாலயாம்.

டீச்சரம்மா | மார்ச் 12, பிற்பகல் 4.40

என்ட மகளும் சிவி அடிக்கிறா. தேசிய அடையாள அட்டை இலக்கம், சமயம், தகப்பன் பெயர் எல்லாம் போட்டாச்சு. கிராம சேவகர் நற்சான்றிதழ் முன்னுக்கு வரவேணுமா, பின்னுக்கா? உறவினரல்லாத இருவரில் ஒருவர் அதிபராக இருந்தால் காணுமா?

தோணா | மார்ச் 12, மாலை 5.30

டீச்சர், அது அரசாங்க வேலைக்கு. இங்கே கதைப்பது வேறு. ஆனால் நல்ல நேரம் கேட்டீர்கள்: வெளிநாட்டுக் கம்பனிக்கு அனுப்புவதில் அடையாள அட்டை இலக்கம், சமயம், திருமண நிலை, பிறந்த தேதி ஒன்றும் வேண்டாம். முகம் தெரியாத ஆட்களுக்கு அடையாள அட்டை இலக்கத்தை அனுப்புவது ஆபத்தும்கூட. வீட்டு முழு முகவரியும் தேவையில்லை, ஊரும் நாடும் காணும்.

டீச்சரம்மா | மார்ச் 12, மாலை 6.10

மகளுக்கு அரசாங்க வேலைக்குத்தான். நீங்கள் பின்னுக்கா முன்னுக்கா என்று சொல்லவில்லையே.

வாவியோரம் | மார்ச் 15, இரவு 10.10

புதிதாக எழுதி முடித்தேன், ஒன்றரைப் பக்கம். கூடவே எழுத்து மாதிரி ஒன்றும் செய்தேன். ஹோட்டல் மெயிலைக் கொடுக்கக்கூடாது, அது விருந்தினரின் சொந்த விஷயம். அதனால் கற்பனை வாடிக்கையாளர் ஒருவர்: வாங்கிய சப்பாத்து அளவு பிழை, திருப்பி அனுப்பும் காலம் இரண்டு நாளால் கடந்துவிட்டது, கோபமாக எழுதுகிறார். அவருடைய மெயிலும் என்னுடைய பதிலும் ஒரே பக்கத்தில். கூகுள் டொக்ஸில் வைத்து சிவியில் லிங்க் கொடுத்தேன்.

இரவுப்பணி | மார்ச் 15, இரவு 11.45

லிங்கை அமத்தினேன். "Request access" எண்டு வருது. எனக்கு வார லிங்குகளில நிறைய இப்படித்தான். நான் அனுமதி கேட்டு எழுதமாட்டேன், அடுத்த ஆளுக்குப் போயிருவேன். "Anyone with the link" எண்டு மாத்தி, "Viewer" வைங்க. உங்கட கணக்கில திறந்து பார்த்தா எப்பவும் திறக்கும். இன்கொக்னிட்டோ ஜன்னல்ல ஒட்டிப் பாருங்க.

இரவுப்பணி | மார்ச் 16, அதிகாலை 4.20

இப்ப திறந்துச்சு, சஹர் நேரம் வாசிச்சேன். பதில் நல்லம். ஒண்டு மட்டும்: மன்னிப்பு மூண்டு தரம் கேட்டிருக்கிறீங்க, ஆனா காசு வருமா வராதா எண்டது நாலாவது பந்தியில. வாசிக்கிறவர் தேடுறது அதை. முதல் ரெண்டு வசனத்துக்குள்ள கொண்டுவாங்க.

வாவியோரம் | மார்ச் 18, இரவு 8.40

மாற்றினேன். கரண்ட், இன்டர்நெட் பற்றியும் போடலாமா? வீட்டில் பைபர், அது போனால் போனில் 4ஜி. ரவுட்டருக்குச் சின்ன யூபிஎஸ் வாங்கியிருக்கிறேன்.

தோணா | மார்ச் 18, இரவு 9.15

போடாதீர்கள். அவர்கள் நினைக்காத பிரச்சினையை நாமே ஞாபகப்படுத்துவது மாதிரி. கேட்டால் சொல்லலாம்.

இரவுப்பணி | மார்ச் 18, இரவு 11.30

நான் போடச் சொல்வேன். 2022 மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினத எங்கட கம்பனி ஆக்கள் இன்னும் மறக்கல்ல. இலங்கை எண்டா அதைத்தான் கேட்பாங்க. கடைசியில ஒரு வரி, "பைபர், 4ஜி மாற்று, ரவுட்டருக்கு யூபிஎஸ்". ஆனா அந்தச் சின்ன யூபிஎஸ் உண்மையில எவ்வளவு நேரம் தாங்குது எண்டு ஒருக்கா பிளக்கைக் கழட்டிப் பாருங்க. பைபர் பெட்டியும் ரவுட்டரும் தனித்தனியா இருந்தா ரெண்டுக்கும் கரண்ட் வேணும்.

தோணா | மார்ச் 19, காலை 8.00

2022 நடந்தது 2022ல். நான் இன்னமும் போடமாட்டேன்.

வாவியோரம் | மார்ச் 27, பகல் 12.20

ஒரு இடத்திலிருந்து வந்திருக்கிறது! மார்ச் 31 திங்கள், "10am UK time", வீடியோவில். அழைப்பிதழ் இல்லை, மெயிலில் இவ்வளவுதான்.

சம்மாந்துறையான் | மார்ச் 27, பகல் 12.45

வாழ்த்துக்கள். ஐந்தரை மணித்தியாலம் கூட்டினாப் பின்னேரம் 3.30. மூணு மணிக்கே ரெடியாகி இருங்க.

இரவுப்பணி | மார்ச் 27, பிற்பகல் 1.05

இல்ல இல்ல! மார்ச் மாசக் கடைசி ஞாயிறு அவங்க மணிக்கூடு மாறுது. இந்த முறை 30ம் திகதி. திங்கக்கிழமை நாலரை மணித்தியாலம்தான், அப்ப 2.30. மூணு மணிக்கு ரெடியானா அரை மணித்தியாலம் பிந்திப் போவீங்க.

உடனே பதில் எழுதுங்க, ரெண்டு நேரத்தையும் போட்டு: "திங்கள் 31, உங்கள் காலை 10 மணி, எனது பிற்பகல் 2.30, உறுதி." சிவியில எழுதின நேரக் கணக்கு உண்மை எண்டு அவங்களுக்கு அதிலயே தெரியும். லப்டொப்பில நேர வலயம் "Sri Jayawardenepura" எண்டு இருக்கா எண்டும் பாருங்க.

பிறை தெரிஞ்சா அண்டைக்கு எங்களுக்குப் பெருநாள். நான் இந்தப் பக்கம் வரமாட்டேன்.

சம்மாந்துறையான் | மார்ச் 27, பிற்பகல் 1.20

அமெரிக்கா 9ம் திகதியே மாத்திட்டாங்களே, இவங்களும் அண்டைக்கே மாத்தியிருப்பாங்க எண்டு நினைச்சன்.

தோணா | மார்ச் 27, பிற்பகல் 2.00

அமெரிக்கா மார்ச் இரண்டாவது ஞாயிறு, இங்கிலாந்து கடைசி ஞாயிறு. இடையில் இருக்கிற கிழமைகளில் மூன்று நாட்டுக் கூட்டம் வைத்தால் ஒருவராவது தவறுவார்.

வாவியோரம் | மார்ச் 31, இரவு 7.50

2.30க்குத்தான் நடந்தது. முதல் கேள்வியே 2020 பற்றி: மனேஜர் இரண்டு நாள் பதில் போடாவிட்டால் விருந்தினருக்கு என்ன எழுதுவீர்கள்? "உங்கள் கோரிக்கை கிடைத்தது, முடிவு இன்ன தேதிக்குள் வரும்" என்று உடனே எழுதிவிட்டு, ஷீட்டில் சிவப்பாக்கி மனேஜருக்குப் போன் எடுப்பேன் என்றேன். சென்டெஸ்க் சோதனைக் கணக்கில் என்ன செய்தேன் என்று திரையில் காட்டச் சொன்னார்கள். பிறகு அரை மணித்தியாலத்தில் மூன்று மெயிலுக்குப் பதில் எழுதும் பரீட்சை. கரண்ட் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, ஆனால் அந்த வரி சிவியில் இருந்தது.

முடிவு அடுத்த கிழமை சொல்வார்களாம். பெருநாள் வாழ்த்துக்கள் நானா.

தோணா | மார்ச் 31, இரவு 8.05

கேட்கவில்லைதானே. நான் சொன்னேன்.

இரவுப்பணி | ஏப்ரல் 1, காலை 9.40

வரி இருந்ததாலதான் கேட்கல்ல. தங்கச்சி, இண்டைக்கே ஒரு சின்ன நன்றி மெயில் போடுங்க, நாலு வசனத்துக்கு மேல வேணாம். சம்மாந்துறையார், உங்கட சிவியை ஒரு பத்தியா மாத்திட்டீங்களா?

சம்மாந்துறையான் | ஏப்ரல் 1, காலை 10.15

மாத்திட்டன். ஆசானாவையும் எடுத்திட்டன். இப்ப முக்காப் பக்கம்தான் வருது. பலசரக்குக் கடைக் கணக்கை எக்செல்ல வெச்சிருந்தன், கொழும்பு மொத்தக்காரரோட ஓடர் எல்லாம் வட்ஸ்அப்பில எழுத்திலதான். அது சேருமா?

இரவுப்பணி | ஏப்ரல் 1, காலை 10.30

சேரும். எந்தப் பொருள் எப்ப முடியும் எண்டு எக்செல்ல எப்படிக் கண்டுபிடிச்சீங்க, அதைச் சொல்லுங்க முதல்ல.